பத்தாயிரம் ரூபாய் போனுக்கு எந்தப் பெர்செப்சுவல் மேப்?

பட்ஜெட் போன் சந்தைக்குள் புதிதாக நுழையும் கம்பெனியின் மீட்டிங்கில் ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்கும். நடுவில் ஒரு கூட்டல் குறி. கிடைக்கோட்டில் விலை, செங்குத்துக் கோட்டில் தரம். ரெட்மி, ரியல்மி, போகோ, சாம்சங், விவோ, லாவா, ஐடெல் எல்லாம் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குச் சாய்வாக வரிசை கட்டி நிற்கும். மேல் இடது மூலை, அதாவது விலை குறைவு, தரம் அதிகம் என்ற மூலை, காலியாக இருக்கும். அங்கே ஒரு வட்டம் போட்டு "நம் இடம்" என்று எழுதியிருப்பார்கள்.

அந்த வட்டத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. விலையும் தரமும் வாங்குபவர் மனதில் ஒன்றோடொன்று ஒட்டியே நகர்கின்றன. ஒட்டி நகரும் இரண்டை அச்சுகளாக வைத்தால் புள்ளிகள் சாய்கோட்டில்தான் விழும், மற்ற இரண்டு மூலைகளும் காலியாகத்தான் கிடக்கும். சோப்புக்கு வரைந்தாலும் இதே படம்தான் வரும்.

எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் வரை விலையுள்ள போன்களுக்குப் பெர்செப்சுவல் மேப், அதாவது வாங்குபவரின் மனப்பதிவை வரைபடமாக்குவது, என்று இறங்கினால் கையில் மூன்று வழிகள் உண்டு. அச்சுகளை நாமே முடிவு செய்து மதிப்பெண் கேட்பது முதல் வழி. வாசகங்களைக் கொடுத்து டிக் போடச் சொல்லி, அந்த அட்டவணையைக் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸில் போடுவது இரண்டாவது. எந்த வாசகமும் கொடுக்காமல் "இந்த இரண்டு பிராண்டும் எவ்வளவு ஒத்தவை?" என்று மட்டும் கேட்டு எம்டிஎஸ், அதாவது ஒற்றுமையைத் தூரமாக மாற்றி வரைவது, போடுவது மூன்றாவது. ஒரு மாத அவகாசமும் இருநூறு பேரைச் சந்திக்கும் பட்ஜெட்டும் உள்ள அணிக்கு இரண்டாவதுதான் சரி என்பது இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஸ்பெக் ஷீட்டை வைத்து வரைவது மனப்பதிவு ஆகாது

மூன்று வழிகளுக்கும் முன்னால் ஒரு குறுக்குவழியை ஒதுக்கிவிட வேண்டும். ஆளைச் சந்திக்கவே வேண்டாம், இணையத்தில் ஸ்பெக் கிடைக்கிறதே, பேட்டரி ஒரு அச்சு, விலை ஒரு அச்சு என்று வரைந்துவிடலாமே என்பார்கள். 2023 டிசம்பரில் இந்தியாவில் வந்த ரெட்மி 13சி 5ஜி, போகோ எம்6 5ஜி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் டைமென்சிட்டி 6100+ சிப், 6.74 இஞ்ச் திரை, 5000 எம்ஏஹெச் பேட்டரி. ஸ்பெக் வரைபடத்தில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். தாய்க் கம்பெனியும் ஒன்றுதான், ஷாவ்மி. இருந்தும் இரண்டு பெயர்களை வைத்திருக்கிறார்கள் என்றால், வாங்குபவர் மனதில் அவை இரண்டு இடங்களில் இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அந்த இடைவெளி உண்மையில் இருக்கிறதா இல்லையா என்பதை ஸ்பெக் ஷீட் சொல்லாது. ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

முதல் வழி: அச்சை நாமே வைப்பது

சுலபமானது, வேகமானது. ஐம்பது பேரிடம் ஒவ்வொரு பிராண்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, சராசரி எடுத்து, எக்ஸெல்லில் ஸ்கேட்டர் வரைந்தால் இரண்டே நாளில் முடிந்துவிடும்.

இதில் படத்தைக் கெடுப்பது ஒளிவட்டம். சாம்சங்கைப் பிடித்தவர் பேட்டரிக்கு 8, கேமராவுக்கு 8, சர்வீஸுக்கும் 8 போடுவார். பிடிக்காதவர் எல்லாவற்றுக்கும் 4 போடுவார். அவர் அளப்பது பேட்டரியை அல்ல, தன் பிடிப்பை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும்: இரண்டு அச்சுகளின் பிராண்ட் சராசரிகளுக்கு இடையே கோரிலேஷன் பாருங்கள். 0.7-ஐத் தாண்டினால் உங்களிடம் இரண்டு அச்சுகள் இல்லை, ஒரே அச்சின் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன. தொடக்கத்தில் சொன்ன ஸ்லைடு அப்படிப் பிறந்ததுதான்.

அரைகுறை மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் ஒரு பிராண்டுக்குக் கொடுத்த எல்லா மதிப்பெண்களின் சராசரியை, அந்தந்த மதிப்பெண்ணிலிருந்து கழித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் 8 போட்டவரின் வரிசை அப்போது பூஜ்யங்களாக மாறிவிடும். ஆனால் எந்த அச்சு முக்கியம் என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டோம் என்ற அடிப்படைக் குறை அப்படியே நிற்கும். ஆகவே இந்த வரைபடத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தக் கூடாது. வேறு வழியில் கண்டுபிடித்ததை முதலாளிக்குக் காட்டப் பயன்படுத்தலாம், அதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

மூன்றாவது வழி: ஒற்றுமையை மட்டும் கேட்பது

வரிசை மாறி இதை முன்னால் முடித்துவிடுகிறேன், இரண்டாவதற்கு நிறைய இடம் வேண்டும். எம்டிஎஸ்ஸில் பிராண்டுகளை ஜோடி ஜோடியாகக் காட்டி, எவ்வளவு ஒத்தவை என்று ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடச் சொல்வோம். எட்டு பிராண்டுக்கு 28 ஜோடி, பத்து பிராண்டுக்கு 45. செல்போன் கடை வாசலில் பிடித்த ஆள் இருபதாவது ஜோடியில் எல்லாவற்றுக்கும் 5 போட ஆரம்பிப்பார். அதைத் தவிர்க்க, பிராண்ட் பெயர் எழுதிய அட்டைகளைக் கையில் கொடுத்து, ஒன்று போல் இருப்பவற்றை ஒரே குவியலாக வைக்கச் சொல்லலாம். எந்த இரண்டு அட்டை எத்தனை பேர் கையில் ஒரே குவியலில் விழுந்தது என்பதே ஒற்றுமை எண். ஆளுக்கு மூன்று நிமிடம்தான் ஆகும்.

வாசகமே கொடுக்காததால், நாம் நினைத்தே பார்க்காத ஒரு பிரிவு வெளியே வரலாம் என்பது இதன் பலம். உதாரணமாக, மக்கள் போன்களைப் பேட்டரி, கேமரா என்று பிரிக்காமல், "கடையில் வாங்குவது, ஆன்லைனில் வாங்குவது" என்று இரண்டு குவியலாகப் பிரித்து வைக்கலாம். வாசகப் பட்டியலில் அது இல்லாவிட்டால் மற்ற இரண்டு வழிகளும் அதைக் காட்டப்போவதில்லை.

பலவீனம், வரும் படத்தின் அச்சுகளுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைப்பது நாம்தான், அங்கே நம் ஆசை புகுந்துவிடும். இன்னொன்று, பிராண்ட் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எந்தக் குப்பைத் தரவும் இரண்டு பரிமாணத்தில் அழகாகப் பொருந்திவிடும். பொருத்தத்தை அளக்கும் ஸ்ட்ரெஸ் எண்ணுக்கு 1964-இல் புள்ளியியலாளர் குருஸ்கல் கொடுத்த வழிகாட்டி 0.20 மோசம், 0.10 பரவாயில்லை, 0.05 நன்று. ஆறு பிராண்டை வைத்துக்கொண்டு 0.03 வந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை. இரண்டு பரிமாணப் படத்துக்குக் குறைந்தது ஒன்பது பிராண்டாவது வேண்டும். (R மென்பொருளில் `isoMDS` ஸ்ட்ரெஸ்ஸைச் சதவீதமாகக் காட்டும். 10 என்று வந்தால் அது 0.10, பதறவேண்டாம்.)

இரண்டாவது வழி: டிக் அட்டவணை

கேட்பது எளிது. "நான் ஒரு வாசகம் படிப்பேன், அது எந்தெந்த பிராண்டுக்குப் பொருந்தும் என்று சொல்லுங்கள். எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம், ஒன்றுமே சொல்லாமலும் விடலாம்." அவ்வளவுதான். ஆறு முதல் பத்து பிராண்ட், எட்டு முதல் பன்னிரண்டு வாசகம், ஆளுக்கு ஏழெட்டு நிமிடம்.

வாசகங்கள் கடையில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். "உகந்த ஆற்றல் மேலாண்மை" என்றால் யாருக்கும் புரியாது, "ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் முழுக்க நிக்கும்" என்றால் புரியும். எதிர்மறை வாசகங்களும் இரண்டு மூன்று வேண்டும்: "சூடாகும்", "ஒரு வருஷத்துல ஹேங் ஆகும்". நல்லதை மட்டும் கேட்டால் எல்லோரும் தெரிந்த பிராண்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள். "விலைக்கு ஏத்த போன்" போன்ற வாசகத்தை எடுத்துவிடுங்கள். அது எல்லா பிராண்டுக்கும் ஒரே அளவில் பொருந்தி, படத்தின் மையத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எதையும் பிரித்துக் காட்டாது. பிராண்டுகளைப் படிக்கும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், முதலில் கேட்ட பெயருக்கு எப்போதும் டிக் கூடுதலாக விழும்.

யாரைக் கேட்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். கடந்த ஆறு மாதத்தில் பன்னிரண்டாயிரத்துக்குள் போன் வாங்கியவர், அல்லது அடுத்த ஒரு மாதத்தில் வாங்கப்போகிறவர். நாற்பதாயிரம் ரூபாய் போன் வைத்திருக்கும் அலுவலக நண்பர்களைக் கேட்டு வரைந்த படம் அவர்கள் இந்த போன்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் காட்டும்.

இப்போது கணக்கு. கீழே உள்ள எண்கள் செய்முறை விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை, எந்தக் கம்பெனியின் ஆய்வு முடிவும் அல்ல. அதனால்தான் பிராண்டுகளுக்கு அ, ஆ, இ என்றே பெயர். அ என்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய பெரிய பிராண்ட். ஆ, ஈ இரண்டும் ஆன்லைனில் ஸ்பெக் காட்டி விற்பவை. இ கடைகளில் கேமராவைச் சொல்லி விற்பது. உ ஒரு சிறிய உள்நாட்டு பிராண்ட். ஊ பெரிய பேட்டரியோடு வரும் மலிவு போன். 200 பேர் போட்ட டிக்குகள்:

| பிராண்ட் | பேட்டரி நிற்கும் | கேமரா நன்று | சர்வீஸ் பக்கத்தில் | விளம்பரத் தொல்லை இல்லை | ஸ்பெக் அதிகம் | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| அ | 90 | 80 | 120 | 50 | 60 | 400 |
| ஆ | 70 | 50 | 40 | 20 | 120 | 300 |
| இ | 40 | 100 | 80 | 20 | 60 | 300 |
| ஈ | 50 | 30 | 20 | 20 | 80 | 200 |
| உ | 20 | 10 | 25 | 30 | 15 | 100 |
| ஊ | 60 | 10 | 15 | 10 | 5 | 100 |
| மொத்தம் | 330 | 280 | 300 | 150 | 340 | 1400 |

"விளம்பரத் தொல்லை இல்லை" என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அதிக டிக் வாங்கியது அ, 50. அப்படியே படித்தால் அந்த இடமும் பெரிய பிராண்டின் கையில் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் அ எல்லா வாசகத்திலும் நிறைய டிக் வாங்கும் பிராண்ட், எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே. அதன் அளவைக் கழித்துவிட்டுப் பார்க்க, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட வேண்டும்: வரிசை மொத்தத்தை நெடுவரிசை மொத்தத்தால் பெருக்கி 1400-ஆல் வகுக்க வேண்டும்.

அ-வுக்கு 400 × 150 ÷ 1400, சுமார் 43. கிடைத்தது 50. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உ-வுக்கு 100 × 150 ÷ 1400, சுமார் 11. கிடைத்தது 30. கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இந்த வாசகத்துக்குச் சொந்தக்காரர் உ-தான். அ-வின் உண்மையான சொத்து சர்வீஸ்: எதிர்பார்ப்பு 86, கிடைத்தது 120.

கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் செய்வதெல்லாம் முப்பது கட்டத்துக்கும் இந்தக் கழித்தலைச் செய்து, மிச்சத்தை இரண்டு அச்சில் சுருக்கித் தருவதுதான். பிராண்டின் பருமன் தானாகவே கழிந்துவிடுகிறது. முதல் வழியில் நாம் மல்லுக்கட்டிய ஒளிவட்டத்தின் பெரும்பகுதியும் அதோடு போய்விடுகிறது. R-இல் சில வரிகள் போதும், b1 முதல் b6 வரை என்பது அ முதல் ஊ வரை:

```r
library(ca)
m <- matrix(c(90,80,120,50,60,
              70,50,40,20,120,
              40,100,80,20,60,
              50,30,20,20,80,
              20,10,25,30,15,
              60,10,15,10,5), nrow=6, byrow=TRUE)
rownames(m) <- paste0("b", 1:6)
colnames(m) <- c("battery","camera","service","noads","spec")
fit <- ca(m)
summary(fit)
plot(fit)
```

வரும் படத்தில் முதல் அச்சு ஒரு பக்கம் ஸ்பெக்கையும் மறுபக்கம் சர்வீஸையும் வைக்கும். ஆ, ஈ இரண்டும் ஸ்பெக் பக்கம் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது அச்சு பேட்டரிக்கும் கேமராவுக்கும் இடையே: ஊ ஒரு கோடியில், இ மறு கோடியில். எந்தப் பக்கம் இடம், எந்தப் பக்கம் வலம் என்பதற்குப் பொருளில்லை, மென்பொருள் சில சமயம் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். இரண்டு அச்சும் சேர்ந்து அட்டவணையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதத்தைச் சொல்லிவிடும். பார்க்க நிம்மதியான எண்.

பள்ளம் இங்கேதான். அதே படத்தில் உ எங்கே விழுகிறது என்று தேடினால், அ-வுக்குப் பக்கத்தில், சர்வீஸ் பக்கமாக நிற்கும். படத்தை மட்டும் பார்ப்பவர் "உ ஒரு சின்ன அ, தனி அடையாளம் இல்லாத பிராண்ட்" என்று எழுதிவிடுவார். அட்டவணையோ நேர்மாறாகச் சொல்கிறது. காரணம், விளம்பரம் இல்லாமை என்ற வேறுபாடு பெரும்பாலும் மூன்றாவது அச்சில் போய் உட்கார்ந்துகொண்டது, நாம் வரைந்தது முதல் இரண்டை மட்டும்.

இதை `summary` வெளியீடு நேரடியாகவே சொல்கிறது. அதில் `qlt` என்ற நெடுவரிசை, ஒவ்வொரு புள்ளியும் இந்த இரண்டு அச்சில் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதை ஆயிரத்துக்கு இத்தனை என்று காட்டும். ஊ-வுக்கு அது 850-ஐ ஒட்டி வரும், அதன் இடத்தை நம்பலாம். உ-வுக்கு 330-ஐ ஒட்டித்தான் வரும். அதாவது உ-வைப் பற்றிய செய்தியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு படத்தில் இல்லவே இல்லை. 500-க்குக் கீழே உள்ள எந்தப் புள்ளியைப் பற்றியும் படத்தை வைத்து ஒரு வரிகூட எழுதக் கூடாது. `plot(fit, dim=c(1,3))` என்று மூன்றாவது அச்சையும் வரைந்து பாருங்கள், உ கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு தனியே போய் நிற்கும்.

சந்தையில் சிறிய பிராண்டுகளுக்குத்தான் இது அடிக்கடி நடக்கும். பெரிய பிராண்டுகளின் எடை முதல் இரண்டு அச்சுகளை இழுத்துக்கொள்கிறது. புதிதாக நுழைபவருக்கோ சிறிய பிராண்டின் இடம்தான் முக்கியம், ஏனென்றால் காலி இடம் என்று அவர் நினைக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சிறிய பிராண்ட் குடியிருக்கக்கூடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வழக்கமான படத்தில் பிராண்ட் புள்ளிக்கும் வாசகப் புள்ளிக்கும் இடையே ஸ்கேல் வைத்துத் தூரம் அளக்கக் கூடாது. மையத்திலிருந்து இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். பிராண்டுக்கும் பிராண்டுக்கும் இடையிலான தூரத்தை அளக்கலாம். அடுத்தது, உ-வின் 30 டிக் எவ்வளவு உறுதி? இன்னொரு 200 பேரைக் கேட்டிருந்தால் 20 ஆகியிருக்கலாம், அப்போது மூன்று மடங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் குறைந்துவிடும். 200 பேரின் விடைத்தாள்களிலிருந்து, எடுத்த தாளைத் திரும்பப் போட்டுவிட்டு 200 முறை எடுப்பது என்று ஐந்நூறு தடவை அட்டவணையை உருவாக்கிப் பாருங்கள். உ-வின் இடம் ஐந்நூறிலும் ஏறக்குறைய அங்கேயே நின்றால் நம்பலாம், ஊர் சுற்றினால் இன்னும் ஆட்களைக் கேட்க வேண்டும். தாள்களைத்தான் மாற்றி எடுக்க வேண்டும், தனித்தனி டிக்குகளை அல்ல, ஒருவர் போட்ட டிக்குகள் ஒன்றையொன்று சார்ந்தவை.

பிராண்ட் பட்டியலில் பலரும் சேர்க்க மறக்கும் ஒரு வரிசையும் உண்டு: "செகண்ட் ஹேண்ட் சாம்சங்", "பழைய ஐபோன்" போன்றவை. எட்டாயிரம் ரூபாயோடு கடைக்கு வருபவர் புதிய ஐடெல்லையும் இரண்டு வருடம் ஓடிய சாம்சங்கையும் ஒரே மேசையில் வைத்துத்தான் பார்க்கிறார். அதை விட்டுவிட்டு வரைந்தால், "குறைந்த விலையில் பேர் உள்ள போன்" என்ற இடம் பளிச்சென்று காலியாகத் தெரியும். அங்கே பழைய போன் கடைக்காரர் எப்போதோ கடை விரித்துவிட்டார்.

காலி இடங்களில் எதை எடுப்பது

இந்த அட்டவணையிலிருந்து மூன்று இடைவெளிகளைப் பேசலாம். பேட்டரி நிற்கும், கூடவே கேமராவும் நன்று என்ற சேர்க்கை. ஸ்பெக்கும் அதிகம், சர்வீஸும் பக்கத்தில் என்ற சேர்க்கை. விளம்பரத் தொல்லை இல்லை, ஸ்பெக்கும் அதிகம் என்ற சேர்க்கை. மூன்றும் படத்தில் ஒரே மாதிரி காலியாகத் தெரியும். ஆனால் ஏன் காலி என்பதற்கு மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள். முடிவு எடுக்க வேண்டியது அந்தக் காரணத்தை வைத்து.

பேட்டரியோடு சேர்ந்த இடைவெளி வேகமாக மூடும். 2019 செப்டம்பரில் சாம்சங் கேலக்ஸி எம்30எஸ் 6000 எம்ஏஹெச் பேட்டரியோடு 13,999 ரூபாயில் வந்தபோது, அந்த விலையில் மற்றவர்கள் பெரும்பாலும் நாலாயிரம், ஐயாயிரத்தில்தான் நின்றார்கள். நல்ல இடைவெளி, சரியாகப் பிடித்தார்கள். 2020-இல் ரியல்மி சி15, அதே ஆண்டு டிசம்பரில் ரெட்மி 9 பவர், 2021 தொடக்கத்தில் போகோ எம்3 என்று எல்லோரும் 6000-க்கு வந்துவிட்டார்கள், அதுவும் இன்னும் குறைந்த விலையில். ஒன்றரை ஆண்டுதான் ஆயுள். பேட்டரி, கேமரா சென்சார், திரை எல்லாம் பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் பாகங்கள். பாகத்தை மட்டும் நம்பிய இடத்தில் முதலில் நுழைந்தவர், அடுத்தவர் வருவதற்குள் விற்று முடித்துவிட வேண்டும்.

விளம்பரம் இல்லாமையும் அதிக ஸ்பெக்கும் சேரும் இடம் காலியாக இருப்பதற்குக் காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஷாவ்மி 2018-இல் தன் ஹார்டுவேரில் நிகர லாபம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது என்று பகிரங்கமாக அறிவித்தது. போனில் கிடைக்காத லாபத்தை விளம்பரமும் முன்பே ஏற்றிவைத்த ஆப்களும் கொண்ட இணையச் சேவை வருமானம் ஈடுகட்டுகிறது. அந்த வருமானத்தை விட்டுவிட்டு அதே ஸ்பெக்கை அதே விலைக்குக் கொடுக்க முயலும் புதிய பிராண்ட், ஒவ்வொரு போனிலும் அந்தத் தொகையைத் தன் பையிலிருந்து போட வேண்டும். லாவா விளம்பரமும் தேவையற்ற ஆப்களும் இல்லாத ஆண்ட்ராய்டு என்று சொல்லி விற்கிறது. அந்தப் பக்கம் போக நினைப்பவர், தான் நுழைவது காலி நிலத்தில் அல்ல என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஸ்பெக்கும் சர்வீஸும் சேர்ந்த இடம் காலியாக இருப்பது ஆன்லைனில் மலிவாக விற்கும் முறையின் விளைவு. கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை, ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் இல்லை, அதனால்தான் அந்த விலை. சென்டர் திறக்கப் பணமும் காலமும் வேண்டும். அதே காரணத்தால் போட்டியாளரும் ஆறு மாதத்தில் நகல் எடுக்க முடியாது. எல்லா ஊரிலும் சென்டர் வைக்காமல் இந்த இடத்தைத் தொடவும் வழிகள் உண்டு. லாவா தன் சில மாடல்களுக்கு வீட்டுக்கே வந்து இலவச சர்வீஸ் என்றது. ஐடெல் தன் சில மாடல்களுக்கு, வாங்கிய நூறு நாளுக்குள் திரை உடைந்தால் ஒருமுறை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நம் ஓட்டு இதற்குத்தான், நான்கைந்து மாவட்டத்தில் மட்டும் தொடங்குவதாக இருந்தாலும்.

ஆள் இருக்கிறார்களா என்ற கேள்வி மிச்சம். டிக் அட்டவணையிலேயே "அடுத்து இதைத்தான் வாங்குவேன்" என்று ஆறாவது நெடுவரிசையைச் சேர்த்து, `ca(m, supcol=6)` என்று கொடுத்தால், அது அச்சுகளை மாற்றாமல் படத்தின் மேல் மட்டும் விழும். வாங்கும் ஆசை எந்தத் திசையில் சாய்கிறது என்று தெரியும். அது சர்வீஸ் பக்கம் சாயாமல் ஸ்பெக் பக்கமே அழுத்தமாகச் சாய்ந்தால், மேலே சொன்ன தேர்வை மறுபடி யோசிக்க வேண்டும். ஆனால் இருக்கும் பிராண்டுகளுக்கு உள்ள ஆசையைத்தான் அது காட்டும். இல்லாத போனுக்கு எவ்வளவு ஆசை என்பதைக் காட்டாது.

அதற்குக் கடை கவுன்ட்டர்தான் வழி. ஒரே போனின் இரண்டு அட்டைகளை அச்சடித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 8,999 ரூபாய், சர்வீஸ் சென்டர் மாவட்டத் தலைநகரில். இன்னொன்றில் 9,499 ரூபாய், ரிப்பேருக்கு ஆள் வீட்டுக்கு வருவார். மூன்று ஊர்களில், போன் வாங்க வந்தவர்களிடம் மட்டும் காட்டி, ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பாதி பேருக்கு 9,499-ஐ 9,999 ஆக்கிக் காட்டுங்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலுக்குச் சம்மதிப்பவர்களின் பங்கு, கூடுதல் ஆயிரம் ஆகும்போது எவ்வளவு குறைகிறது என்பதைப் பாருங்கள். ஒருமுறை ஆள் வந்து போகும் செலவையும், நூறு போனில் எத்தனை போன் ரிப்பேருக்கு வரும் என்பதையும் சர்வீஸ் பிரிவிடம் கேட்டு வாங்கி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு ஸ்லைடில் வட்டம் போடலாம்.